பூமாலை கூறுகிறார்

செவ்வாய்க்கிழமை காலை அந்தக் கோப்பைத் திறந்தபோது வெற்றிச்செல்விக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

பெரம்பலூர் புதுப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, செல்போன் கடைக்கு மேலே இருக்கும் சின்ன அறை அது. அவளும் ஜெயப்பிரகாஷும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். இரண்டு மேசை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. சென்னை, பெங்களூரு ஏஜென்சிகள் விளம்பரங்களை இயந்திரத்தைக் கொண்டு தமிழாக்கி அனுப்பும். அதில் உள்ள தப்புகளைத் திருத்தித் திருப்பி அனுப்புவதுதான் இருவருக்கும் வேலை. ஏழு வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திவிட்டு வெற்றிச்செல்வி இந்த வேலைக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

அன்று வந்தது ஒரு தனியார் மருத்துவமனைக் குழுமத்தின் விளம்பரம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் புதிதாக ஒரு சுகாதார அட்டை விற்கப் போகிறார்கள். துண்டறிக்கை, போஸ்டர், செல்போன் குறுஞ்செய்தி எல்லாம் சேர்த்து இருநூற்றுப் பன்னிரண்டு வரி. திரையின் இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் இயந்திரம் தந்த தமிழ்.

"ஜேபி, இதக் கேளு" என்று சத்தமாக வாசித்தாள். "'நாங்கள் உன்னைத் தலை முதல் கால் வரை மூடிவிட்டோம். இனி நிம்மதியாகத் தூங்கு.'"

ஜெயப்பிரகாஷ் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "யாருக்கா செத்தது?"

ஆங்கிலத்தில் இருந்தது 'கவர்' என்ற சொல். காப்பீட்டுக்காரர்கள் வாயில் அதற்குப் பாதுகாப்பு என்று பொருள். இயந்திரம் போர்வையை எடுத்து மூடிவிட்டது. இன்னொரு வரியில், இந்த அட்டை 'வங்கியை உடைக்காது' என்றிருந்தது. கைக்கு அடக்கமான கட்டணம் என்பதைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்லியிருந்தார்கள். 'உன் முதுகு எங்களிடம் உள்ளது' என்று ஒரு வரி. உங்களுக்குத் துணையாக நாங்கள் இருக்கிறோம் என்று அவள் மாற்றினாள். இப்படிப்பட்டவை அவளுக்குப் பழக்கம். ஒவ்வொன்றையும் திருத்தி, பக்கத்தில் என்ன வகைத் தப்பு, எவ்வளவு பெரிய தப்பு என்று குறித்துக்கொண்டே வந்தாள்.

முப்பத்தேழாவது வரியில் சிரிப்பு நின்றது.

அங்கே இரண்டு பேரின் அனுபவங்கள், படங்களோடு ஒரே பக்கத்தில் வருகின்றன. முதலாமவர் இளையபெருமாள், அரியலூர்ப் பக்கம் இருபது ஏக்கர் வைத்திருப்பவர். 'நிலவுரிமையாளர் இளையபெருமாள் தன் குடும்பம் முழுவதற்கும் இந்த அட்டையை வாங்கியிருக்கிறார். அவர் கூறுகிறார்' என்று இயந்திரம் மரியாதையாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே அடுத்தவர். 'கூலித் தொழிலாளி பூமாலை முப்பது ஆண்டுகளாக வயலில் வேலை செய்கிறான். அவளுடைய முழங்கால் வலித்தது. சிகிச்சை அவளை அவள் கால்களில் திரும்ப வைத்தது. அவள் கூறுகிறாள்.'

கூடவே அனுப்பியிருந்த படத்தைத் திறந்து பார்த்தாள். ஐம்பது வயது தாண்டிய அம்மா ஒருவர், பருத்திச் செடிகளுக்கு நடுவே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார்.

செய்கிறான் எப்படி வந்தது என்று அவளுக்குப் புரிந்தது. இயந்திரம் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. முதல் வரி ஆங்கிலத்தில் பெயரும் வினையும் மட்டும்தான். ஆணா பெண்ணா என்று தெரிய வழியில்லை. பூமாலை என்று ஆண்களும் இருக்கிறார்கள். ஆங்கில வினைக்கு அந்தக் கவலை கிடையாது. தமிழ் வினைக்கோ கடைசியில் ஒரு விகுதி வேண்டும், அதனால் ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டது. அடுத்த வரியில் 'ஹெர்' என்று வந்ததும் பெண்ணாக்கிக்கொண்டது.

அது தப்பு, திருத்திவிடலாம். அவள் மனதில் தைத்தது வேறொன்று. நிலம் வைத்திருப்பவருக்கு 'அவர்'. மருத்துவருக்கு 'அவர்'. மருத்துவமனை மேலாளருக்கு 'அவர்'. கூலிக்குப் போகிற, தன் அம்மா வயதிருக்கிற பெண்ணுக்கு மட்டும் 'அவள்'. இருநூற்றுப் பன்னிரண்டு வரியிலும் 'அவள்' என்று சொல்லப்பட்டவர் அந்த ஒருவர்தான்.

வெற்றிச்செல்வியின் அம்மாவும் அரும்பாவூரில் கூலிக்குப் போனவர். வரப்பில் நின்றுகொண்டு பதினெட்டு வயசுப் பையன்கூட அவரை 'வாடி போடி' என்று கூப்பிட்டதைச் சின்ன வயதில் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். இயந்திரம் இதைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. எழுதியவர்கள் எல்லாம் இப்படி எழுதி எழுதித்தான் அது கற்றுக்கொண்டிருக்கிறது.

அடுத்த வரி பூமாலை சொன்னதாக மேற்கோளில் இருந்தது. 'நான் என் கயிற்றின் முனையில் இருந்தேன். என்னால் முடியவில்லை. இப்போது குழந்தை போல் தூங்குகிறேன்.'

அவள் அதை மூன்று தடவை படித்தாள்.

"ஜேபி, இங்க வா. இந்த வரிய இங்கிலீஷ் பாக்காம படி. என்ன தோணுது?"

அவன் குனிந்து படித்தான். முகம் மாறியது. "தூக்கு மாட்டிக்கப் போச்சா அந்தம்மா?"

"அப்படித்தான் எல்லாரும் படிப்பாங்க. 'எண்ட் ஆஃப் மை ரோப்'னா பொறுக்க முடியாத நிலைமை, அவ்வளவுதான்."

"ஆனா அந்தம்மா தமிழ்லதானக்கா பேசியிருக்கும்? கீழப்பழூர்க்காரங்கன்னு போட்டிருக்கு. இங்கிலீஷா பேசியிருக்கப் போறாங்க?"

அதுதான். யாரோ போய் அவரிடம் தமிழில் பேசியிருக்கிறார்கள். பெங்களூரில் இன்னொருவர் அதை ஆங்கிலத்தில் அழகுபடுத்தியிருக்கிறார். இப்போது அது இயந்திரத்தின் வழியாகத் தமிழுக்குத் திரும்பி வந்திருக்கிறது. பூமாலை வாயைத் திறந்து சொன்ன ஒரு சொல்கூட இதில் இருக்காது. ஆனால் இரண்டு பக்கமும் மேற்கோள் குறி மட்டும் இருக்கிறது.

அவள் சென்னையில் இருக்கும் அனிதாவைக் கூப்பிட்டாள். ஏஜென்சியில் இந்த வேலையை மேற்பார்ப்பது அனிதாதான்.

"வெற்றி, சொல்லுங்க. முடிஞ்சிருச்சா?"

"இல்லைங்க. நிறைய பிரச்சினை இருக்கு. 'நீ'ன்னு கூப்பிட்டிருக்கு எல்லா எடத்துலயும். அந்தக் கூலிக்காரம்மாவை 'அவள்'னு போட்டிருக்கு. நில முதலாளிய 'அவர்'னு போட்டிருக்கு."

"செய்கிறான்னு வந்தத மாத்துங்க, அது இலக்கணத் தப்பு. 'அவள்' தப்பு இல்லையே? இங்கிலீஷ்ல 'ஷி', தமிழ்ல 'அவள்'. அது உங்க சொந்த விருப்பத்துல வர்ற மாற்றம்னு கணக்காகும். 'நீ'யும் இருக்கட்டும். கிளையன்ட் நெருக்கமான தொனி வேணும்னு கேட்டிருக்காங்க."

"நெருக்கமா? முன்னப்பின்ன தெரியாத அறுவது வயசு ஆளுக்கு 'உன்னை மூடிவிட்டோம்'னு மெசேஜ் போனா அதுக்குப் பேரு நெருக்கமா?"

"இது லேசான திருத்த வேலைதான் வெற்றி. நூத்துக்கு இருபதுக்கு மேல மாத்தக் கூடாதுன்னு குறிப்புலயே இருக்கு. இந்த இயந்திரம் நல்லா பண்ணும்னு சொல்லித்தான் நாங்க அவங்ககிட்ட வேலை வாங்கினோம். நீங்க பாதிக்கு மேல மாத்தினா எங்களுக்கு என்ன மரியாதை?"

"உங்க மரியாதைக்கு இவ்வளவு யோசிக்கிறீங்க" என்றாள் வெற்றிச்செல்வி. மேலே சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள். "அந்த மேற்கோளுக்கு ஒரிஜினல் ரெக்கார்டிங் இருக்கா? அதையாவது வாங்கிக் குடுங்க."

"அதெல்லாம் கேட்டா ஒரு வாரம் ஆகும். வியாழக்கிழமை நாலு மணிக்கு வேணும்" என்று சொல்லி அனிதா வைத்துவிட்டாள்.

ஜெயப்பிரகாஷின் சித்தி ஒருவர் கீழப்பழூரில் இருந்தார். அவன் போன் போட்டுக் கேட்டான். முழங்கால் வைத்தியம் பார்த்துக்கொண்ட, பருத்தி எடுக்கப் போகிற பூமாலை வீட்டை விசாரிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"விளம்பர வரிகள வெளியாள்கிட்ட காட்டக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கோமேக்கா" என்றான்.

"அவங்க சொன்னதா எழுதியிருக்கறத அவங்ககிட்ட காட்டினா அது வெளியாள்கிட்ட காட்டினதாடா?"

புதன்கிழமை காலை அவள் அரியலூர் பஸ் ஏறினாள். சுண்ணாம்புக்கல் லாரிகள் முன்னும் பின்னும் போக, பஸ் ஊர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. அரியலூரில் இறங்கிக் கீழப்பழூர் பஸ்ஸுக்காக நின்றபோதுதான் எதிர்ப்பக்கம் பார்த்தாள்.

இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு விளம்பரப் பலகை. பருத்திக் காட்டில் நின்ற அதே அம்மா. தலைக்கு மேலே பெரிய எழுத்தில், 'உன்னைத் தலை முதல் கால் வரை மூடிவிட்டோம்! இனி நிம்மதியாகத் தூங்கு.' படத்துக்குக் கீழே, 'கூலித் தொழிலாளி பூமாலை, கவலையின்றி வேலை செய்கிறான்.'

நேற்றுக் காலைதான் அவள் திருத்திய வரிகள். இன்னும் திருப்பி அனுப்பவே இல்லை. எப்படி மேலே ஏறியது?

பக்கத்து டீக்கடைக்காரர் அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "திங்கக்கிழமையிலேருந்து இருக்கு. நாங்ககூட அமரர் ஊர்தி விளம்பரமோன்னு பாத்தோம்மா. அப்பறந்தான் ஆஸ்பத்திரின்னு தெரிஞ்சுது." கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். "அது ஆம்பளையா பொம்பளையான்னு வேற தெரியல" என்றான் ஒருவன்.

வெற்றிச்செல்விக்குக் காது சுட்டது. தலையைக் குனிந்துகொண்டு போனில் அந்தப் பலகையை மூன்று படம் எடுத்தாள்.

பூமாலை வீட்டில்தான் இருந்தார். இரண்டு நாளாகக் காட்டில் வேலை இல்லையாம். ஆஸ்பத்திரி விளம்பர விஷயமாக வந்திருக்கிறேன் என்றதும் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டு, "வாங்க, உக்காருங்க" என்றார். நடையில் நொண்டல் இல்லை. வைத்தியம் நன்றாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

"டவுன்ல எம்படம் பெருசா போட்டிருக்காங்களாமே? பஸ்ல போறவங்க வந்து சொன்னாங்க. நான் இன்னும் போய்ப் பாக்கல. திருப்பூர்லேருந்து எம்மவ வந்தப்பறம் சேந்து போவலாம்னு இருக்கேன்." முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "எழுதியிருக்கறத யாரும் சொல்லல. நல்லாருக்கு நல்லாருக்குன்னாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது."

வெற்றிச்செல்வி இதை எதிர்பார்க்கவில்லை. ஊரில் படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் இவரிடம் சொல்லவில்லை. தான்தான் சொல்ல வேண்டும்.

"அம்மா, அதுல தப்புத் தப்பா எழுதிட்டாங்க. நீங்க என்ன சொன்னீங்கன்னு கேட்டு மாத்தத்தான் வந்தேன். படிச்சுக் காட்டட்டுமா?"

படித்தாள். செய்கிறான் என்ற இடத்தில் பூமாலை சிரித்துவிட்டார். "என்னைய ஆம்பளையாக்கிட்டானுவளா? ஆம்பளைக் கூலியாச்சும் குடுக்கச் சொல்லு."

பிறகு துண்டறிக்கையில் வரப்போகும் வரிகளைப் படித்தாள். இளையபெருமாளைப் பற்றி எழுதியிருந்ததை முதலிலும் இவரைப் பற்றி எழுதியிருந்ததைப் பிறகும். பூமாலையின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"இளையபெருமாளு 'கூறுகிறார்'. நான் 'கூறுகிறாள்'."

"ஆமாம்மா."

"அவரு காட்டுலதான் பாப்பா நான் பருத்தி எடுக்கறேன். அந்தப் படமே அவரு காட்டுலதான் புடிச்சாங்க." முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார். "காட்டுல வாடி போடின்னு கூப்புடறாரு, அது எப்பவும் உள்ளதுதான். ஆஸ்பத்திரிக்காரன் எனக்கு என்ன எஜமானா? எங்கிட்டயும் அட்டைக்குக் காசு வாங்கிக்கிட்டுத்தான குடுத்தான்? அவருக்கு ஒரு காசு, எனக்கு ஒரு காசா?"

வெற்றிச்செல்வி அடுத்து கயிற்று வரியைப் படித்தாள்.

பூமாலை எழுந்து நின்றுவிட்டார்.

"நான் சொல்லவே இல்ல. சாமி சத்தியமா சொல்லவே இல்ல. கயிறுங்கற பேச்சே வரல. எம்மவளுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருக்கோம் பாப்பா. பொண்ணோட அம்மா தூக்குப் போட்டுக்கப் போனவன்னு ஊரெல்லாம் நோட்டீஸ் வந்தா யாரு வூட்டுப் படி ஏறுவாங்க?"

"அது இன்னும் அச்சாகலம்மா. ஆக விட மாட்டேன்." சொன்ன பிறகுதான், அதைத் தடுக்கத் தன் கையில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு யோசனை வந்தது. "உங்க பேரையும் படத்தையும் எடுக்கச் சொல்லிரட்டுமா?"

"எதுக்கு எடுக்கணும்?" பூமாலை அவளை நிமிர்ந்து பார்த்தார். "நான் என்ன தப்பு பண்ணேன்? எம்படம் இருக்கட்டும். எம்பேரும் இருக்கட்டும். நான் சொன்னது எதுவோ அதப் போடச் சொல்லு. அவருக்குப் போட்ட மாதிரி எனக்கும் போடச் சொல்லு."

"சரிம்மா. என்ன சொன்னீங்கன்னு இப்ப சொல்லுங்க. போன்ல பதிவு பண்ணிக்கறேன்."

பூமாலை உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னார். "முட்டிய மடக்க முடியாம ஒரு வருசம் நின்னுக்கிட்டேதான் சோறு தின்னேன். கீழ உக்காந்தா எழுப்பி வுட ஒரு ஆளு வேணும். இனிமே நம்மால ஆவாதுன்னு மனசு வுட்டுப்போச்சு. இப்ப நானா உக்காருறேன், நானா எந்திரிக்கிறேன். அதுபோதும் எனக்கு."

திரும்பும் பஸ்ஸில் வெற்றிச்செல்வி அதை நான்கு முறை கேட்டாள். ஒரு வரி அலங்காரம் இல்லை. அவள் நான்கு வருடமாகத் திருத்திய விளம்பரங்களில் இவ்வளவு நல்ல வரி வந்ததே இல்லை. இதைத் தூக்கிக் கடாசிவிட்டு அந்த இடத்தில் ஒரு கயிற்றைப் போட்டிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை காலையில் முதல் வேலையாக ஏஜென்சியின் இணையப் பக்கத்தில் அந்த வேலையின் பழைய பதிவுகளைத் திறந்தாள். அவள் கைக்கு வந்தது இரண்டாம் தவணை என்று அப்போதுதான் தெரிந்தது. முதல் தவணை பன்னிரண்டு வரி, எல்லாம் பலகைக்கான பெரிய எழுத்து வாசகங்கள், சில துண்டறிக்கையிலும் வருபவை, போன வாரமே போயிருந்தன. அதற்கு நேரே இருந்தது: இயந்திர மொழிபெயர்ப்பு முடிந்தது. மனிதச் சரிபார்ப்பு முடிந்தது. சரிபார்த்தவர், வெற்றிச்செல்வி. வெள்ளிக்கிழமை.

அவள் அந்த வரிகளைப் போன வெள்ளிக்கிழமை கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

அதைப் படம் எடுத்துக்கொண்டு அனிதாவைக் கூப்பிட்டாள்.

"போன வெள்ளிக்கிழமை நான் எத சரிபாத்தேன்னு சொல்லுங்க."

"அதுவா... கிளையன்ட் அவசரப்பட்டாங்க வெற்றி. பன்னெண்டு வரிதானேன்னு அப்படியே அனுப்பிட்டோம். இந்த வேலைக்கு நீங்கதான் ரிவ்யூவர்னு இருக்கறதால சிஸ்டம் தானா உங்க பேரப் போட்டுக்கும்."

"தானா போட்டுக்குமா? அரியலூர் பஸ் ஸ்டாண்டு முன்னாடி ஒரு அம்மாவ உசுரோட மூடிவெச்சிருக்கீங்க. ஊரே நின்னு சிரிக்குது. அதுக்குக் கீழ என் பேரு. அந்த ஊருல எனக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க. பதினொரு வருசமா தமிழச் சொல்லிக் குடுத்தும் திருத்தியும் சாப்புடறவ நான்."

"பேர் வெளிய யாருக்கும் தெரியாதுங்க."

"எனக்குத் தெரியுமே!"

ஜெயப்பிரகாஷ் வேலையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அனிதாவின் குரல் இறுகியது.

"சரி. உங்க மாற்றம் எவ்வளவு வந்திருக்கு?"

"நூத்துக்கு அறுவத்தொண்ணு."

"அத ஏத்துக்க முடியாது. செய்கிறான்ங்கறத மட்டும் மாத்திட்டு மீதிய இயந்திரம் குடுத்தபடியே அனுப்புங்க. உங்களால முடியாதுன்னா ஜெயப்பிரகாஷ் பேர்ல போட்டுக்கறேன்."

ஒலிபெருக்கியில் இருந்ததால் அது அவன் காதிலும் விழுந்தது. அவன் எழுந்து வந்து போனுக்கு அருகில் குனிந்தான். எப்போதும் யாரிடமும் குரல் உயர்த்தாதவன் அவன். அன்றும் மெதுவாகத்தான் சொன்னான். "எம்பேரப் போடாதீங்க மேடம். நான் பாக்கல. பாத்தாலும் அக்கா போட்டதத்தான் போடுவேன்."

அனிதா வைத்துவிட்டாள்.

ஒரு வழி மிச்சம் இருந்தது. திருத்துகிறவர்களுக்குச் சந்தேகம் வந்தால் எழுதுவதற்கென்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கேள்விப் பட்டியல் உண்டு. அதில் எழுதுவதை விளம்பரம் கொடுத்தவர்களும் பார்க்கலாம். பெரும்பாலும் யாரும் அதில் எழுதுவதில்லை. வெற்றிச்செல்வி மூன்று கேள்விகள் எழுதினாள், மூன்றுமே வேலை சம்பந்தமானவை, ஒரு வசைச் சொல் இல்லாமல்.

பலகையில் உள்ள வாசகத்தைத் தமிழ் படிப்பவர்கள் பிணத்தைப் போர்த்துவதாகவே படிக்கிறார்கள், இதை யார் ஒப்புக்கொண்டது? மேற்கோளில் உள்ள வரி, உயிரோடு இருக்கிற ஒரு பெண் தூக்கு மாட்டிக்கொள்ளப் போனதாகச் சொல்கிறது, அவர் அப்படிச் சொல்லவே இல்லை, அவர் சொன்னதன் ஒலிப்பதிவை இணைத்திருக்கிறேன், எதை அச்சிட வேண்டும்? அட்டை வாங்கிய இருவரில் ஒருவரை 'அவர்' என்றும் மற்றவரை 'அவள்' என்றும் எழுதச் சொல்வது உங்கள் மருத்துவமனையின் வழக்கமா?

பலகையின் படத்தையும் இணைத்தாள். முதல் தவணையைத் தான் பார்க்கவில்லை என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். தன் திருத்தம் முழுவதையும் அப்படியே ஏற்றிவிட்டு, மூன்றரை மணிக்கு அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மருத்துவமனையின் விளம்பரப் பிரிவில் இருக்கும் கிருஷ்ணமூர்த்தி, திருச்சியிலிருந்து.

"அம்மா, நீங்க எழுதினதப் பாத்தேன். ராத்திரியே எம்.டி. வரைக்கும் போயிருச்சு. எங்க பக்கம் எல்லாரும் இங்கிலீஷப் பாத்துத்தான் ஓகே பண்ணோம். தமிழ் சரிபாத்தாச்சுன்னு சர்டிபிகேட் வந்துச்சு, நம்பிட்டோம்."

"தமிழ் ஊருக்குத் தமிழ்ல வெக்கிற போர்டு சார். உங்க ஆபீஸ்ல ஒருத்தர்கூடவா அதத் தமிழ்ல படிக்கல?"

அவர் தொண்டையைச் செருமினார். "தப்புதாம்மா. போர்ட இன்னிக்கு எறக்கிடறோம். 'நீ'ங்கறதயும் எல்லா எடத்துலயும் 'நீங்கள்'னு ஆக்கிடலாம். அந்தம்மா பேசினத அப்படியே போடலாம், ரொம்ப நல்லாருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் கொஞ்சம் யோசனையா இருக்கு."

"என்ன சார்?"

"அந்த 'அவர்'... இளையபெருமாள் எங்களுக்கு ரொம்ப வேண்டியவரு. அந்தப் பக்கம் அம்பது அட்டை அவரு சொல்லித்தான் போச்சு. அந்தம்மா அவரு காட்டுல வேலை செய்யிறவங்க. ஒரே பக்கத்துல ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி போட்டா அவரு ஏதாவது நினைச்சுக்குவாரோன்னு... 'அவள்'னு போடறதுல ஒண்ணும் கேவலம் இல்லையேம்மா?"

வெற்றிச்செல்வி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். இயந்திரத்தின் மேல் மூன்று நாளாக இருந்த கோபமெல்லாம் அந்த நொடியில் வேறு பக்கம் திரும்பியது. இயந்திரத்துக்கு ஒன்றும் தெரியாது. இவருக்கு எல்லாம் தெரிகிறது.

"கேவலம் இல்லைன்னா அப்ப அவருக்கும் 'இளையபெருமாள் கூறுகிறான்'னு போட்டுருங்க சார். ரெண்டும் சமமா இருக்கும்."

"என்னம்மா இப்படிப் பேசறீங்க?"

"கேட்டா உங்களுக்குக் கசக்குதுல்ல? அந்தம்மா உங்க அட்டைக்கு முழுக் காசு குடுத்திருக்காங்க. அவங்க முகத்த வெச்சுத்தான் ஊரெல்லாம் விக்கிறீங்க. ஒரு விகுதி குடுக்க மனசு வரல உங்களுக்கு. முடியாதுன்னா சொல்லிருங்க, படத்த எடுத்துருங்கன்னு அவங்களே எழுதிக் குடுப்பாங்க. சம்மதம் குடுத்த கையெழுத்த வாபஸ் வாங்கவும் அவங்களுக்கு உரிமை இருக்கு."

பூமாலை அப்படி எழுதிக் கொடுப்பார் என்று அவளுக்கு நிச்சயம் கிடையாது. படம் இருக்கட்டும் என்றுதான் அவர் சொன்னார். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு வேறு பேச்சு வரவில்லை.

கிருஷ்ணமூர்த்தி இறங்கி வந்தார். "இருக்கட்டும்மா. 'அவர்'னே போட்டுக்கலாம்." சமாதானமாகச் சொல்லவில்லை, விட்டால் போதும் என்றுதான் சொன்னார். அவளுக்கு அது போதும்.

சனிக்கிழமை பலகையை இறக்கினார்கள். அடுத்த புதன்கிழமை துண்டறிக்கை அச்சாகி வந்தது. ஜெயப்பிரகாஷின் சித்தி படம் எடுத்து அனுப்பினார். இரண்டு படங்கள், இரண்டு பெயர்கள், இரண்டுக்கும் கீழே 'கூறுகிறார்'. முட்டி மடக்க முடியாமல் நின்றுகொண்டே சாப்பிட்ட வரி பூமாலை சொன்னபடியே இருந்தது.

அதே நாள் ஏஜென்சியிடமிருந்து வெற்றிச்செல்விக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. விதிமுறைகளைப் பின்பற்றாததால் இனிமேல் அவளுக்கு வேலை அனுப்ப இயலாது. அவள் பெயரில் போன பொய்ச் சான்றைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அவள் திருத்திய இருநூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கப் பயன்படுத்திக்கொள்வோம் என்று மட்டும் கடைசியில் இருந்தது.

"இவ்வளவு பண்ணிட்டு நம்ம வேலைய வேற எடுத்துக்கறானுங்க பாரு" என்றான் ஜெயப்பிரகாஷ்.

"எடுத்துக்கட்டும். அந்த மெஷினாவது 'அவர்'னு எழுதக் கத்துக்கட்டும்" என்றாள். பிறகு உட்கார்ந்து, பொய்ச் சான்றைத் தன் பெயரிலிருந்து நீக்கும்வரை வாரம் ஒரு கடிதம் எழுதுவேன் என்று பதில் போட்டாள். முதல் கடிதத்தையும் அதோடு சேர்த்தே அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூமாலை போன் செய்தார். திருப்பூரிலிருந்து மகள் வந்து நோட்டீசைப் படித்துக் காட்டினாளாம்.

"காட்டுலயும் எல்லாரும் படிச்சுட்டாங்க பாப்பா. இளையபெருமாளும் படிச்சாரு. ஒண்ணும் சொல்லல. நேத்து காலையில எப்பவும் போல 'ஏ பூமாலை, வாடி இங்க'ன்னாரு. நான் காதுல விழாத மாதிரி பருத்தி எடுத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டாவது தடவ 'பூமாலையம்மா, வாங்க'ன்னாரு. கிண்டலாத்தான் சொன்னாரு, கூட நின்னவனுவ சிரிச்சானுவ."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"போனேன். கிண்டலா வந்தா என்ன, வாயில வந்துச்சுல்ல?"